ஒரே பில்லில் பல எல்.ஆர்: டிரிப் வாரியாக லாரி வாடகையைப் பிரிப்பது எப்படி?

கேள்வி: ஈரோடு பக்கம் நூல் மில்லில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். லாரி ஆபீஸில் மாதம் ஒருமுறை பல எல்.ஆர் ரசீதுகளைச் சேர்த்து ஒரே பில்லாகப் போட்டு அனுப்புகிறார்கள். டிரிப் வாரியாக உண்மையான செலவு தெரிகிற மாதிரி எக்செல்லில் எப்படி எடுப்பது?

பதில்:

நானும் நூல் மில் கணக்குதான் பார்க்கிறேன். முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். லெட்ஜரில் ஒரு வரி என்பது ஒரு லாரி, ஒரு லோடு. பில்லை ஒரு வரியாகப் போட்டால் பல லாரிகள் கலந்துவிடும். எல்.ஆரை ஒரு வரியாகப் போட்டால் ஒரே லாரி இரண்டு மூன்றாக உடைந்துவிடும். பில்லில் கூடுதலாக ஏறும் பணம் பெரும்பாலும் இந்த உடைசலில்தான் இருக்கும்.

இச்சல்கரஞ்சிக்குப் போகிற ஒரு லோடை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்குக்காக நான் போட்டவை. பேசின வாடகை டன்னுக்கு 3,200 ரூபாய், கேரண்டி 9 டன். அதாவது லோடு குறைந்தாலும் 9 டன்னுக்கு வாடகை உண்டு. ஏற்றியது 60 கிலோ மூட்டை 130. சாக்கு, கோன் எல்லாம் சேர்த்து எடை மேடை ரசீதில் 7,930 கிலோ. இதில் 90 மூட்டை ஒரு பார்ட்டிக்கு, 40 மூட்டை இன்னொரு பார்ட்டிக்கு. அதனால் எல்.ஆர் இரண்டு.

எல்.ஆரில் எடைக்கு இரண்டு கட்டம் இருக்கும், உண்மை எடை ஒன்று, வாடகைக்கான எடை ஒன்று. முதல் எல்.ஆரில் 5,490 என்று எழுதி, வாடகைக்கு 6,500 போட்டிருக்கிறார்கள். இரண்டாவதில் 2,440க்கு 3,000. பில்லில் 20,800 ஒரு வரி, 9,600 ஒரு வரி, நடுவில் வேறு லாரிகளின் எல்.ஆர்கள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு வரியும் சரியாகத்தான் தெரியும், பெருக்கல் கணக்கும் பிசகாது. ஒரே லாரி என்று சேர்த்துப் பார்த்தால்தான் வாடகை எடை 9,500 ஆகியிருப்பது தெரியும். கேரண்டியே 9,000தான். லாரிக்கு ஒருமுறை பார்க்க வேண்டிய கேரண்டியை, எல்.ஆருக்கு எல்.ஆர் ஏற்றிப் போட்டதில் 1,600 ரூபாய் கூடிவிட்டது.

அதனால் இரண்டு ஷீட் வைத்துக்கொள்ளுங்கள். `LR` என்ற ஷீட்டில் எல்.ஆருக்கு ஒரு வரி, இன்னொன்றில் டிரிப்புக்கு ஒரு வரி. இரண்டையும் இணைப்பது லாரி நம்பரும் லோடு ஏற்றிய தேதியும் சேர்ந்த ஒரு அடையாளம். லாரி நம்பரை இடைவெளி, கோடு எதுவும் இல்லாமல் ஒரே மாதிரி அடியுங்கள். வழியில் வேறு லாரிக்கு லோடு மாற்றினால் இ-வே பில்லில் நம்பர் மாறியிருக்கும், பில்லிலும் அந்தப் புது நம்பரே வரலாம். நம் கேட்டை விட்டுப் போன லாரி நம்பரே அடையாளமாக இருக்கட்டும், மாறிய நம்பரைப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

டிரிப் ஷீட்டில் A டிரிப் அடையாளம், D கேரண்டி கிலோவில், E டன் ரேட். `LR` ஷீட்டில் A அதே அடையாளம், F உண்மை எடை என்றால், வர வேண்டிய வாடகை இது:

```
=MAX(SUMIFS(LR!$F:$F,LR!$A:$A,A2),D2)*E2/1000
```

மேலே சொன்ன லோடுக்கு இது 28,800 காட்டும். பில் தொகை 30,400ஐப் பக்கத்து நெடுவரிசையில் போட்டு, அதிலிருந்து இதைக் கழித்தால் வித்தியாசம் வந்துவிடும்.

அப்புறம் ரேட் எங்கிருந்து வரும் என்பது முக்கியம். நம் பக்கத்து எல்.ஆர்களில் வாடகைக் கட்டத்தில் ரூபாய் இருப்பது குறைவு. 'டு பி பில்டு', 'பேசியபடி' என்று எழுதிவிடுவார்கள். உண்மையான ரேட் போனிலோ வாட்ஸப்பிலோ பேசியதாக இருக்கும். பில்லில் இருக்கும் ரேட்டை எடுத்து அதே பில்லைச் சரிபார்ப்பதில் ஒரு பயனும் இல்லை. லாரி வைக்கும் அன்றே டிரிப் வரியைத் திறந்து, சொன்ன வார்த்தையை அப்படியே ஒரு நெடுவரிசையில் எழுதுங்கள்: "டன் 3200, 9 டன் கேரண்டி, 24 மணி நேரம் ப்ரீ, இறக்குகூலி பார்ட்டி". அதில் உள்ள எண்கள் அடுத்தடுத்த நெடுவரிசைகளில் வரட்டும். டன்னுக்கா, மூட்டைக்கா, லாரிக்கு மொத்தமாகவா என்பதற்கு ஒரு நெடுவரிசை கட்டாயம் வேண்டும். பேசாத விஷயத்துக்குப் பூஜ்யம் போடாதீர்கள், காலியாக விடுங்கள். பூஜ்யம் என்றால் 'தர வேண்டியதில்லை என்று பேசியிருக்கிறோம்' என்று பொருளாகிவிடும்.

லாரி காத்து நின்றதற்குக் கேட்கும் ஹால்டிங்குக்குச் சாட்சி பில்லில் இல்லை, திரும்பி வருகிற எல்.ஆர் காப்பியில் இருக்கிறது. இதே லோடில் இரண்டு நாள் ஹால்டிங் என்று 3,000 போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள், நாளைக்கு 1,500. இரண்டாவது பார்ட்டி சீல் வைத்த காப்பியில் லாரி வந்தது 12ஆம் தேதி காலை 10 மணி, இறக்கியது 14ஆம் தேதி காலை 9 மணி. மொத்தம் 47 மணி நேரம். ப்ரீ 24 போனால் 23, அதாவது ஒரு நாள். தர வேண்டியது 1,500. காப்பியில் நேரம் எழுதாமல் சீல் மட்டும் இருந்தால் இந்தக் கணக்கே போட முடியாது. 'வந்த நேரம், இறக்கிய நேரம் எழுதாத காப்பிக்கு ஹால்டிங் இல்லை' என்பதையும் ரேட் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.

அட்வான்ஸ் செலவில்லை. டிரைவருக்கு டீசலுக்குக் கொடுத்ததைக் கழித்து பில்லின் கடைசியில் வரும் பாலன்ஸை வாடகையாக எழுதிவிட்டால், அந்த டிரிப் மலிவாகப் போன மாதிரி காட்டும். அட்வான்ஸுக்குத் தனி நெடுவரிசை போதும். ரிவர்ஸ் சார்ஜில் நாம் கட்டும் 5 சதவீத ஜி.எஸ்.டியையும், கிரெடிட் எடுக்கிறோம் என்றால் செலவில் சேர்க்க வேண்டாம்.

இப்போது டிரிப் செலவு 28,800உம் ஹால்டிங் 1,500உம் சேர்த்து 30,300. நிகர நூல் 7,800 கிலோ, ஆக கிலோவுக்கு 3.88 ரூபாய். பேசியதோ 3.20. வாடகையை மூட்டைக் கணக்கில் பிரித்து, ஹால்டிங்கை அதற்குக் காரணமான இரண்டாவது பார்ட்டி மேல் மட்டும் ஏற்றினால், முதல் பார்ட்டிக்கு கிலோ 3.69, இரண்டாவதுக்கு 4.32 வருகிறது. லோடு நிறையாத செலவும் இதற்குள் இருப்பதால், பார்ட்டிக்கு நூல் விலை சொல்லும்போது 3.20ஐ வைத்துச் சொல்லக்கூடாது.

வித்தியாசம் தெரிந்ததும் சொல்லாமல் கழித்துப் பணம் போடாதீர்கள். டிரிப் வரியையும் எடை ரசீதையும் போட்டோ எடுத்து லாரி ஆபீஸுக்கு அனுப்பி, பில் பாஸ் பண்ணும் முன்னாலேயே கேளுங்கள். "ரெண்டும் தனித்தனி எல்.ஆருங்க, தனித்தனியாத்தான் ரவுண்டு பண்ணுவோம்" என்று சொல்லக்கூடும். லாரி ஆபீஸில் அப்படிச் சொன்னால் அதுவும் ஒரு கண்டிஷன்தான். இந்த பில்லுக்குப் பேசாத கண்டிஷன் என்று சொல்லி 1,600க்கு டெபிட் நோட் போடுங்கள். அடுத்த லோடுக்கு லாரி கேட்கும்போது 'கேரண்டி லாரிக்கா, எல்.ஆருக்கா' என்று கேட்டு, பதிலை வாட்ஸப்பில் வாங்கி, அந்த டிரிப் வரியில் எழுதிவிடுங்கள்.