தேங்கி நிக்கறது பதவியா, வேலையா?

கேள்வி: வயசு 43, ஆறு வருஷமா ஒரே போஸ்ட். பக்கத்து டிபார்ட்மென்ட்ல அதே கிரேடுல வர்றியான்னு கேக்கறாங்க. போகவா, எதையாவது ஆழமா கத்துக்கவா, இல்ல இப்படியே இருந்துடவா?

பதில்:

எனக்கு இது 44ல வந்துச்சு. ஸ்டாக் பிளானிங் வேலை, அதாவது எந்தப் பொருள் எவ்வளவு கையிருப்பு இருக்கணும்னு பாக்கறது. மேல ஒரே ஒரு மேனேஜர் போஸ்ட்தான், அதுல இருந்தவருக்கு என்னைவிட ரெண்டு வயசுதான் கூட, அவர் எங்கயும் போறதா இல்ல. என் முதல் தப்பு, எது நின்னு போயிருக்குன்னு பாக்காமலே மருந்து தேடினதுதான். பிரமோஷன் நின்னு போறது வேற, வேலைல புதுசா தெரிஞ்சுக்க ஒண்ணுமில்லாம போறது வேற. மேனேஜ்மென்ட் படிப்புல 1980கள்லயே இத ரெண்டா பிரிச்சு பேச ஆரம்பிச்சுட்டாங்க, ஆனா மாட்டிக்கிட்டு இருக்கறப்ப நமக்கு ரெண்டும் ஒரே பாரமாத்தான் தெரியும்.

அவசரத்துல ஒரு பெரிய சர்டிஃபிகேட் கோர்ஸ்ல சேர்ந்தேன். நாலு மாசத்துல பாதியிலயே நின்னுடுச்சு, ஏன்னா அங்க படிச்சத மறுநாள் ஆபீஸ்ல வச்சுப் பாக்க ஒரு இடமும் இல்ல.

அப்புறம்தான் ஒரு நோட்டு போட்டேன். நாலு வாரம், தினமும் சாயங்காலம் பத்து நிமிஷம். இன்னிக்கு செஞ்சதுல அஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே கண்ண மூடிக்கிட்டு செஞ்சிருப்பேன்னு தோணறது ஒரு பக்கம், யோசிச்சு செஞ்சது இன்னொரு பக்கம், எவ்வளவு நேரம்னு மட்டும் எழுதினேன். நாலு வாரம் ஏன்னா, ஒரு மோசமான வாரத்த வச்சு முடிவெடுத்துடக் கூடாது. அதோட இந்த வயசே கொஞ்சம் ஏமாத்தும். பிளாஞ்ச்ஃபிளவர், ஆஸ்வால்ட்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2008ல பல நாட்டு சர்வேய வச்சு, வாழ்க்கைத் திருப்தி 40கள்ல அடிமட்டத்தத் தொட்டு அப்புறம் ஏறுதுன்னு எழுதினாங்க, இத ஒத்துக்காதவங்களும் இருக்காங்க, இருந்தாலும் எல்லா பாரத்தையும் வேலை தலைல போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் நிதானிக்கலாம்.

என் நோட்டுல வாரத்துக்கு 42 மணி நேரத்துல யோசிச்ச வேலை அஞ்சு மணி நேரம்தான் வந்துச்சு. அந்த அஞ்சும் அநேகமா ஒரே விஷயம், கணக்கு சரியா போட்டும் பொருள் ஏன் தீர்ந்து போகுதுன்னு தேடினது.

அதே சமயம் எனக்கும் பர்ச்சேஸ் பக்கம் வரச் சொல்லி கேட்டாங்க. உடனே சரின்னு சொல்லாம மூணு மாசம், வாரத்துக்கு ரெண்டு நாள் மட்டும் வர்றேன்னு சொன்னேன். போய்ப் பாத்தா அங்கயும் ஃபோன் போட்டு சரக்கு எப்ப வரும்னு கேக்கறதுதான் பாதி வேலை, ஒரு வருஷத்துல அதுவும் பழகிடும்னு தெரிஞ்சுது. ஆனா அங்க உக்காந்ததுலதான் என் கேள்விக்கு பதில் கிடைச்சுது. சப்ளையர் சராசரியா பத்து நாள்ல அனுப்பறாருன்னு நாங்க பத்தையே நிலையா வச்சு கணக்கு போட்டுட்டு இருந்தோம், நிஜத்துல அது மூணு நாள் அளவுக்கு முன்ன பின்ன ஆடுது. தினம் 100 பீஸ் போகுது, அதுல 20 ஏற்ற இறக்கம், நூறு தடவை ஆர்டர் போட்டா 95 தடவை சரக்கு வர்ற வரைக்கும் தட்டுப்பாடு வரக் கூடாதுன்னா, பழைய முறைல கூடுதல் கையிருப்பு 104 போதும்னு வரும். சப்ளையர் ஆட்டத்தையும் சேர்த்தா 500க்கு மேல. கீழ இருக்கற 1.65 அந்த 95 தடவைக்குன்னு ஸ்டேட்டிஸ்டிக்ஸ்ல வர்ற எண்.

```
1.65 × √(10×20²) ≈ 104
1.65 × √(10×20² + 100²×3²) ≈ 506
```

எனக்கு ஆழம்னா இதுதான். நம்ம கைல ஏற்கனவே இருக்கற, யாரோ தினமும் அவஸ்தைப்படற ஒரு பிரச்சினைய அடிவரைக்கும் தோண்டறது. ஸ்டேட்டிஸ்டிக்ஸ் திரும்பப் படிச்சேன், இந்தத் தடவை விட்டுப் போகல, ஏன்னா ஒவ்வொரு பாடத்துக்கும் மறுநாளே ஒரு பொருள் காத்துட்டு இருந்துச்சு. போஸ்ட் மாறல, அத மறைக்க மாட்டேன். நோட்டுல யோசிக்கற நேரம் அஞ்சுலேர்ந்து பதினஞ்சாச்சு.

உங்க நோட்டுல வேலை இன்னும் சுவாரசியமாத்தான் இருக்கு, மேல கதவு மட்டும் மூடியிருக்குன்னு வந்தா, அப்ப பக்கத்துல மாறறது நல்ல வழி, ஆனா அந்த சீட்டுலேர்ந்து மேல போனவங்க கடைசி அஞ்சு வருஷத்துல யாராவது உண்டான்னு மட்டும் விசாரிங்க. ஒருத்தரும் இல்லன்னா அது இன்னொரு மூடின கதவுதான். போறதா இருந்தா முதல் வருஷ அப்ரைசல எப்படி பாப்பாங்கன்னு முன்னாடியே பேசி மெயில்ல வாங்கிடுங்க, ஏன்னா யார்கிட்ட கேட்டா எது நடக்கும்ங்கற பழைய அறிவு அங்க உதவாது, ஆறேழு மாசம் கை மெதுவாத்தான் ஓடும்.

இருந்துடறதையும் நான் தப்பா சொல்ல மாட்டேன். வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்ல, பசங்க பரீட்சைன்னா தெரிஞ்ச வேலை பெரிய ஆறுதல். அதுக்கு ஒரு தேதி வைங்க, இன்னும் 18 மாசம்னு. அந்த 18 மாசத்துல புது வேலை எதாவது வந்தா ஒதுங்கிப் போறீங்களான்னு கவனிங்க, ஒதுங்க ஆரம்பிச்சுட்டீங்கன்னா தேதிய முன்னாடி இழுத்துக்கோங்க.

இப்போதைக்கு அந்த டிபார்ட்மென்ட்கிட்ட ஒரு மாசம் டைம் கேளுங்க. நோட்ட இன்னிக்கு சாயங்காலமே ஆரம்பிச்சுடுங்க.