எங்கள் வியாபாரப் பதிவுகளில் படத்தில் இருப்பதை எழுத்தில் விளக்கும் ஆல்ட் டெக்ஸ்ட், வீடியோவில் பேசுவதை எழுத்தாகக் காட்டும் கேப்ஷன் எல்லாம் போட வேண்டுமா? கண் தெரியாதவர்கள் எத்தனை பேர் வரப் போகிறார்கள்?

நான் வருகிறேன். எனக்குப் பார்வை இல்லை. ஆண்ட்ராய்டு ஃபோனில் டாக்பேக் என்ற திரைவாசிப்பானைப் போட்டு, அது வாசிப்பதைக் கேட்டுத்தான் எல்லாப் பதிவுகளையும் பார்க்கிறேன். பொருள் வாங்குகிறேன், வகுப்பில் சேர்கிறேன், பணம் கட்டுகிறேன். எங்களை நேரில் பார்க்காததால் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பதிவைப் படிக்க முடியாமல் நகர்ந்து போனவன் உங்கள் கணக்கில் எங்கேயும் தெரிய மாட்டான்.

நீங்களே கடையையும் பார்த்துக்கொண்டு பதிவும் போடுபவர் என்று வைத்துக்கொள்கிறேன். நேரம் இல்லை என்பது புரிகிறது. அதனால் எது உண்மையிலேயே உதவும் என்று மட்டும் சொல்கிறேன்.

கீபோர்டு கற்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை. ஒரு இசைப் பயிற்சி நிலையத்தின் பதிவு வந்தது. எழுத்தில் இருந்தது இவ்வளவுதான்: "அருமையான வாய்ப்பு! தவற விடாதீர்கள்! விவரங்கள் படத்தில்." படத்தைத் தொட்டால் டாக்பேக் "படம்" என்று மட்டும் சொல்லியது. கருத்துப் பகுதியில், "எனக்குப் பார்வை இல்லை, தேதியும் நேரமும் சொல்ல முடியுமா" என்று கேட்டேன். வந்த பதில்: "படத்திலேயே தெளிவாக உள்ளது சார்." அவர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் நான் எழுதியதையும் படிக்கவில்லை. பிறகு ஒரு நண்பர் வாசித்துக் காட்டியபோது, சேருவதற்கான கடைசி நாள் தாண்டியிருந்தது.

"இப்போது ஃபோனே படத்தில் இருக்கும் எழுத்தை வாசிக்குமே" என்று சிலர் கேட்பார்கள். வெள்ளைப் பின்னணியில் நேராக அச்சடித்தது போல இருந்தால் ஓரளவு வாசிக்கும். போஸ்டரில் வளைத்தும் நிழல் கொடுத்தும் புகைப்படத்தின் மேல் எழுதும் தமிழ் எழுத்தில் தடுமாறும். ஃபோன் எண்ணில் ஒரு இலக்கம் தப்பினாலும் எனக்குப் பயனில்லை.

சரி, அந்தப் பதிவை எப்படிப் போட்டிருக்கலாம்? பலர் ஆல்ட் டெக்ஸ்ட் பெட்டியில் "போஸ்டர்" என்றோ "எங்கள் புதிய அறிவிப்பு" என்றோ எழுதிவிடுகிறார்கள். அதனால் எனக்கு எதுவும் தெரியாது. வேறு சிலர் போஸ்டரில் இருக்கும் அத்தனையையும் ஆல்ட் டெக்ஸ்டுக்குள் கொட்டிவிடுகிறார்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஆல்ட் டெக்ஸ்டைத் திரைவாசிப்பான் பெரும்பாலும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடும். அதற்குள்ளிருந்து ஃபோன் எண்ணை மட்டும் தனியாக நகலெடுக்கவோ தொட்டு அழைக்கவோ முடியாது. அதனால் தேதி, நேரம், கட்டணம், எண் போன்ற, நான் எடுத்துச் செயல்பட வேண்டிய விவரங்கள் எல்லாம் பதிவின் எழுத்தில் வர வேண்டும். படத்தில் காண்பது என்ன என்பது ஆல்ட் டெக்ஸ்டில் வந்தால் போதும். இப்படி:

"மாலை நேரக் கீபோர்டு வகுப்பு அறிவிப்பு, 14-ஆம் தேதி தொடக்கம். ஒரு பெண் கீபோர்டு வாசிக்கிறார், ஆசிரியர் பக்கத்தில் நின்று விரல் வைக்கும் இடத்தைக் காட்டுகிறார்."

இரண்டே வாக்கியம். "இந்தப் படத்தில்" என்று தொடங்கத் தேவையில்லை, படம் என்பதை டாக்பேக்கே சொல்லிவிடும். பொருளை விற்பவர் என்றால் நிறம், வடிவம், எந்தப் பக்கத்திலிருந்து எடுத்த படம் என்பதைச் சேர்க்கலாம். "அழகான", "அசத்தலான" என்பதெல்லாம் எனக்கு எதையும் காட்டாது. அப்புறம், எழுத்துக்கு நடுவே வரிசையாக எமோஜி வைக்காதீர்கள். ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு முடித்த பிறகுதான் எனக்குச் செய்தி வரும்.

அடுத்தது நிறம். இது என் அப்பாவின் பிரச்சினை. அவருக்குக் கண் தெரியும், ஆனால் வயதாகிவிட்டது. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகிறது, பாப்பா சுருங்குகிறது, உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. உங்களுக்கு மெல்லிய சாம்பல் எழுத்தாகத் தெரிவது அவருக்கு வெறும் கறையாகத் தெரியும். இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வேறுபாட்டை விகிதமாகச் சொல்வார்கள். இரண்டும் ஒரே நிறம் என்றால் 1:1, வெள்ளையில் கறுப்பு என்றால் 21:1. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யு3சி அமைப்பின் டபிள்யுசிஏஜி நெறிமுறை சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 வேண்டும் என்கிறது. வெள்ளைப் பின்னணியில் #999999 என்ற குறியீடு கொண்ட சாம்பல் நிறத்துக்கு 2.85:1 தான் வரும். பளிச்சென்ற மஞ்சள் பட்டையில் வெள்ளை எழுத்து 1.07:1, கிட்டத்தட்ட எழுதாதது போலத்தான். WebAIM Contrast Checker என்று தேடி, இரண்டு நிறக் குறியீடுகளையும் போட்டால் விகிதம் உடனே வந்துவிடும். புகைப்படத்தின் மேல் எழுதினால் பின்னணி இடத்துக்கு இடம் மாறும், விகிதமும் மாறும். எழுத்துக்குப் பின்னால் கருமையான ஒரு பட்டை போட்டுவிட்டால் அந்தக் கவலை இல்லை.

நிறம் சரியாக இருந்தும் அளவில் கோட்டை விடுவதுண்டு. 1080 பிக்ஸல் அகலத்தில் வடிவமைக்கும் போஸ்டர், ஃபோனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கித் தெரியும். கணினியில் 24 என்று வைத்த எழுத்து கையில் 8 ஆகிவிடும். 48-க்குக் கீழே போகாதீர்கள். அவ்வளவும் அடங்கவில்லை என்றால் போஸ்டரில் வார்த்தை அதிகம் என்று அர்த்தம். மிச்சத்தைப் பதிவின் எழுத்துக்குக் கொண்டுபோங்கள்.

வீடியோ என்று வரும்போது ஒரே வீட்டில் அப்பாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று தேவைப்படுகிறது. அவருக்குக் காதும் மந்தம், அதனால் கேப்ஷன் வேண்டும். ஆனால் ஒவ்வொரு வார்த்தையாகத் துள்ளி மறையும் கேப்ஷனை அவரால் தொடர முடிவதில்லை. இரண்டு வரியாக, வாக்கியம் முடியும்வரை நிற்க வேண்டும். திரையின் அடிவிளிம்பில் வைத்தால் செயலியில் வரும் கணக்குப் பெயரும் விளக்கமும் மறைத்துவிடும், கொஞ்சம் மேலே ஏற்றுங்கள். தானாக உருவாகும் கேப்ஷனில் முழுவதையும் திருத்த நேரம் இல்லையென்றால் பெயர்களையும் எண்களையும் மட்டுமாவது பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் தப்பு விழும். எனக்கோ நேர் எதிர். இசையை ஓடவிட்டு விவரங்களைத் திரையில் எழுத்தாகக் காட்டும் வீடியோவில் எனக்குக் கிடைப்பது பாட்டு மட்டும்தான். விலையையும் அளவையும் வாயால் சொல்லிவிடுங்கள். சொன்னதற்குக் கேப்ஷன் போட்டால் இருவருக்கும் ஆயிற்று.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவையும் தாண்டி நேரில் போனால், கூட வந்தவரிடம் "சாருக்கு என்ன வேணுமாம்?" என்று கேட்கிறார்கள். பணம் கொடுப்பது நான், கேள்வி வேறொருவருக்கு. இது மிகவும் வலிக்கிறது. என்னிடமே கேளுங்கள்.

பழைய பதிவுகளை எல்லாம் திருத்த வேண்டியதில்லை. பக்கத்தின் மேலே பின் செய்து வைத்திருப்பவற்றிலும், இப்போது நடப்பில் இருக்கும் அறிவிப்பிலும் தொடங்கினால் போதும். இன்ஸ்டாகிராமில் பதிவைத் திருத்தப் போனால் படத்தின் மேலேயே Edit alt text என்று வரும், அதில் எழுதிச் சேமித்துவிடலாம். முடிந்ததும் உங்கள் ஃபோனின் அணுகல்தன்மை அமைப்பில் டாக்பேக்கை இயக்கி, திரையைப் பார்க்காமல் உங்கள் பதிவைக் கேளுங்கள். ஐஃபோன் என்றால் வாய்ஸ்ஓவர். டாக்பேக் இயங்கும்போது ஒருமுறை தொட்டால் வாசிக்கும், இருமுறை தட்டினால்தான் திறக்கும். இது தெரியாமல் இயக்கிவிட்டுப் பலர் ஃபோன் கெட்டுப்போனதாகப் பயந்துவிடுகிறார்கள். எந்த நாள், எத்தனை மணி, யாரை அழைப்பது என்ற மூன்றும் காதில் விழுந்தால் எனக்கும் விழும்.