நிறுத்தி வைத்த மடல்: விடுவதா, திருப்புவதா, தூக்கிப் போடுவதா?

மொரிஷியஸில் தமிழ் மடற்குழு ஒன்றை மெயில்மேன் 2.1 மென்பொருளில் மட்டுறுத்தும் அக்காவிடம் கேட்டவையும் அவர் சொன்னவையும்.

ரோஸ் ஹில் தம்பி: அக்கா, ஸ்பேம் என்று தெரிந்தால் Reject கொடுத்துவிடுகிறேன். அனுப்பியவனுக்கு உறைக்கட்டும். சரிதானே?

அவனுக்கு உறைக்காது, தம்பி. ஸ்பேமில் இருக்கும் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் வேறு யாருடையதோ. நீங்கள் Reject அழுத்தினால், "உங்கள் மடல் நிராகரிக்கப்பட்டது" என்ற அறிவிப்பு அந்த அப்பாவிக்குத்தான் போகிறது. இப்படி நிறையப் போனால் நம் சர்வரின் பெயர் கெட்டு, நம் உறுப்பினர்களுக்குப் போகும் மடலே ஸ்பேம் பெட்டியில் விழ ஆரம்பிக்கும். ஸ்பேமுக்கு Discard மட்டும்தான், அது யாருக்கும் எதுவும் அனுப்பாது. எழுதியது நிஜ ஆள் என்று நம்பினால் மட்டும் Reject.

போர்ட் லூயிஸ், புதிய மட்டுறுத்துநர்: ரீயூனியனிலிருந்து ஒருவர் பிரெஞ்சில் எழுதியிருக்கிறார். தலைப்பில் வெறும் எண், கூடவே பெரிய படம். பார்த்தால் ஸ்பேம் மாதிரிதான், ஆனால் தூக்கிப் போட மனம் வராமல், முடிவைத் தள்ளிவைக்கும் Defer-இல் விட்டிருக்கிறேன்.

நல்லவேளை விட்டீர்கள். இங்கே ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களுக்குப் பதிவு எண் உண்டு. முன்னோரைத் தேடுபவர்கள் அதையே தலைப்பில் போடுவார்கள். மடலைத் திறந்து பார்த்தேன். கப்பலின் பெயர், தாத்தாவின் தகப்பனார் பெயர், ஊர் எல்லாம் இருக்கின்றன. இணைப்புச் சுட்டி ஒன்றும் இல்லை. Reply-To என்று தனியாக வேறு முகவரியும் கொடுக்கவில்லை. கேள்வியும் நம் குழுவுக்கே உரியது. ஸ்பேம் எழுதுகிறவன் யாருக்கு அனுப்பினாலும் பொருந்துகிற மாதிரி எழுதுவான். இதை வேறு எங்கும் அனுப்ப முடியாது.

ஆனாலும் உடனே Accept கொடுக்காதீர்கள். நிறுத்தியதற்குத் திரையில் தெரியும் காரணம் `Post by non-member to a members-only list` மட்டும். மெயில்மேன் முதலில் தட்டுப்பட்ட காரணத்தோடு நின்றுவிடும், மடலின் அளவைச் சோதிக்கும் வரை போகவில்லை. அளவு வரம்பை மாற்றாவிட்டால் அது 40 கேபி. நீங்கள் அனுமதித்த மடலுக்கு அந்தச் சோதனையே கிடையாது, அந்தப் பெரிய படம் எல்லார் பெட்டிக்கும் போய்விடும். அதோடு, அவர் உறுப்பினர் இல்லாததால் குழுவுக்கு வரும் பதில்கள் அவருக்குக் கிடைக்காது. கேட்டவருக்கே பதில் போகாமல் நாம் விவாதித்து என்ன பயன்?

எனவே Reject, ஆனால் காரணப் பெட்டியில் நீங்களே பிரெஞ்சில் எழுதுங்கள்: குழுவில் சேருங்கள், படத்தில் உள்ளதைத் தட்டச்சு செய்து மறுபடி அனுப்புங்கள், மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் குடியேற்ற ஆவணங்கள் இருக்கின்றன, அங்கேயும் கேளுங்கள் என்று. பெட்டியில் ஏற்கெனவே இருக்கும் ஆங்கில வரியை அப்படியே விட்டால் விரட்டியது போலிருக்கும். நிராகரிப்பு அறிவிப்போடு அவர் எழுதியது திரும்பிப் போகாது. அதனால் அதே படிவத்தில் இன்னொரு முகவரிக்கு நகல் அனுப்பும் கட்டத்தில் டிக் போட்டு, உங்கள் முகவரியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

காத்ர் போர்ன் அண்ணன்: இதே கதைதான் எனக்கும். பல வருட உறுப்பினர் நான், காவடி அறிவிப்பை நிறுத்தி வைத்துவிட்டீர்கள்!

இது வேறு கதை, அண்ணே. நீங்கள் குழு முகவரியை Bcc-இல் போட்டிருந்தீர்கள், அதனால் `Message has implicit destination` என்று நின்றது. உறுப்பினராக இருந்தாலும் நிற்கும். To-வில் போடுங்கள். கோயில் முகவரிகளையெல்லாம் அதே மடலில் அடுக்காதீர்கள், இயல்பு அமைப்பில் பத்து முகவரி சேர்ந்தாலும் நின்றுவிடும்.

வகோவா தங்கை: மடல் நிற்கிறது என்று எனக்கு அறிவிப்பு வந்தது. அதிலிருந்த இணைப்பு மடலுக்கு "பார்க்கிறேன், நன்றி" என்று பதில் போட்டேன். அப்புறம் பார்த்தால் மடலையே காணோம்.

அந்தப் பதில்தான் அதை அழித்தது. தலைப்பை மாற்றாமல் வெறுமனே பதில் போட்டால் மெயில்மேன் அதை Discard என்று எடுத்துக்கொள்ளும். அனுமதிக்க வேண்டுமானால் பதிலின் முதல் வரி இப்படி இருக்கவேண்டும்:

```
Approved: கடவுச்சொல்
```

கடவுச்சொல்லை மடலில் அனுப்புவது எனக்குப் பிடிக்காது. வலைப்பக்கத்தில் போய்ச் செய்யுங்கள். இப்போதைக்கு, எழுதியவரிடம் மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

ரோஸ் ஹில் தம்பி மறுபடியும்: புதிதாகச் சேர்ந்தவரின் முதல் மடல் நன்றாக இருந்தால், அவர் மடல்களை நிறுத்தி வைக்கும் mod குறியை எடுத்துவிடலாம்தானே?

எடுக்காதீர்கள். "வணக்கம், சேர்ந்ததில் மகிழ்ச்சி" என்று ஒன்றை அனுப்பி, குறி போனதும் கடன் விளம்பரம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். நம் பேச்சில் எதற்காவது பதில் சொல்லும் மடல் ஒன்றிரண்டு வரட்டும் என்று நான் காத்திருப்பேன். கூட இருக்கும் மட்டுறுத்துநர், அவ்வளவு காக்க வைத்தால் புதியவர்கள் ஓடிவிடுவார்கள் என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. இதில் எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. ஒன்றில் மட்டும் இருவரும் ஒன்று: பழைய உறுப்பினர் பெயரில் "வெளிநாட்டில் மாட்டிக்கொண்டேன், பணம் அனுப்புங்கள்" என்று வந்தால், முதலில் அவருக்கு mod குறி போட்டுவிட்டு, அப்புறம் அவருக்குப் போன் செய்வோம். மெயில்மேன் பார்ப்பது முகவரியைத்தான், ஆளை அல்ல.