94, 108, 97: இதில் எது என் சர்க்கரை?

கேள்வி: எனக்கு வயது 41. உடம்பில் எந்தத் தொந்தரவும் இல்லை. போன வருடம் வெறும் வயிற்றுச் சர்க்கரை 94. போன மாதம் மதுரையிலிருந்து நைட் பஸ்ஸில் சென்னை வந்து இறங்கிய காலையிலேயே லேபுக்குப் போய்க் கொடுத்ததில் 108 வந்தது. பக்கத்தில் ‘H’ என்று தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். பயந்துபோய் இரண்டு நாள் கழித்து வீட்டுக்கே ஆளை வரவழைத்து எடுத்தோம், 97. நண்பரின் குளுக்கோமீட்டரில் 113. தெரிந்தவர் ஒருவர் மூலிகைப் பொடி தருகிறேன், ஒரு மாதத்தில் இறங்கிவிடும் என்கிறார். எதை நம்புவது? என் தங்கைக்கு ஆறு மாதம். அவளுக்கு ஃபாஸ்டிங் 95. அது நார்மல்தானே டாக்டர்?

பதில்: உங்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது. தங்கையின் 95 வேறு விஷயம், கடைசியில் சொல்கிறேன். ஆனால் முதலில் செய்ய வேண்டியது அவரை இந்த வாரமே மகப்பேறு மருத்துவரிடம் அந்த ரிப்போர்ட்டோடு அனுப்புவது.

இரவெல்லாம் சாப்பிடாமல் இருக்கும்போது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை தட்டிலிருந்து வருவதில்லை, கல்லீரலிலிருந்து வருகிறது. எவ்வளவு விட வேண்டும் என்று இன்சுலின் ஒரு பக்கம் பிடிக்கும். விடியற்காலையில் ஏறும் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் மறுபக்கம் தள்ளும். இந்த இழுபறி தினமும் ஒரே புள்ளியில் நிற்காது. நோயே இல்லாத ஒருவரை, ஒரே லேபில், ஒரே நேரத்தில், பல நாள் எடுத்துப் பார்த்தாலும் வெறும் வயிற்று அளவு சுமார் 5 முதல் 6 சதவீதம் ஆடும். உங்கள் உண்மையான சராசரி 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றில் இரண்டு நாள் 94-க்கும் 106-க்கும் நடுவில் வரும். எப்போதாவது 89 வரும், எப்போதாவது 111 வரும். அத்தனையும் அதே மனிதர், அதே உடம்பு.

இரண்டு ரிப்போர்ட்டை அடுத்தடுத்து வைத்து ஒப்பிடும்போது ஆட்டம் இரண்டு பக்கமும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது. முதலில் எடுத்த 94-ம் ஆடியதுதான், பிறகு எடுத்த 108-ம் ஆடியதுதான். கணக்குப் போட்டால், இரண்டு தனி அளவுகளுக்கு நடுவில் ஏறக்குறைய 16 சதவீத வித்தியாசம் வந்தால்தான் ‘ஏதோ மாறியிருக்கிறது’ என்று ஓரளவு உறுதியாகச் சொல்லலாம். 94-லிருந்து 16 சதவீதம் என்றால் 109. உங்களுடையது 108. விளிம்பில் இருக்கிறது, தாண்டவில்லை. இதை ரிப்போர்ட்டில் யாரும் அச்சடிப்பதில்லை. 99 வந்தால் ஒன்றும் போடாமல், 100 வந்தால் ‘H’ போட மென்பொருளுக்குத் தெரியும். நேற்று 99, இன்று 101 என்றால் அது ஒன்றுமே இல்லை என்று சொல்ல அதற்குத் தெரியாது.

இப்போது உங்கள் 108-ஐப் பார்ப்போம். நைட் பஸ்ஸில் தூக்கம் கெட்டிருக்கும். தூக்கம் கெட்டால் மறுநாள் காலை இன்சுலின் சரியாக வேலை செய்யாது. வழியில் ஹோட்டலில் நிறுத்தும்போது நள்ளிரவில் இரண்டு பரோட்டா சாப்பிட்டு, காலை ஏழு மணிக்கு ரத்தம் கொடுத்திருந்தால் அது வெறும் வயிறே இல்லை. குறைந்தது 8 மணி நேரம் வேண்டும். ஆக 108 கொஞ்சம் கூடுதலாகக் காட்டியிருக்க வாய்ப்புண்டு.

அப்படியானால் 97 உண்மை என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எனக்கு அதில்தான் அதிகச் சந்தேகம். ரத்தத்தைக் குழாயில் பிடித்த பிறகும் அதில் இருக்கும் ரத்த அணுக்கள் உயிரோடு இருக்கின்றன, சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கின்றன. அறை வெப்பத்தில் மணிக்கு 5 முதல் 7 சதவீதம் குறையும். நம் ஊர் மே மாத வெயிலில் இன்னும் வேகம். வீட்டுக்கு வந்து எடுக்கும் பையன் உங்களோடு நிறுத்துவதில்லை. காலை ஆறரைக்கு உங்கள் வீடு, அடுத்து இன்னும் ஐந்தாறு வீடு, பையைப் பைக்கில் மாட்டிக்கொண்டு ஒன்பது மணிக்கு லேபுக்குப் போய்ச் சேர்வார். அந்த இரண்டரை மணி நேரத்தில் 108 என்பது 97 ஆகிவிட முடியும். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் எத்தனை வீடு என்று அவருக்குக் கணக்கு வைத்து அனுப்புபவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதற்குத்தான் சாம்பல் நிற மூடி போட்ட குழாய் இருக்கிறது. அதில் உள்ள சோடியம் ஃப்ளோரைடு, அணுக்கள் சர்க்கரையைத் தின்பதைத் தடுக்கும். ஆனால் உடனே தடுக்காது. முதல் ஒன்றிரண்டு மணி நேரம் குறைந்துகொண்டுதான் இருக்கும், பிறகுதான் நிற்கும். ரத்தம் பிடித்ததும் குழாயை மெதுவாக எட்டுப் பத்து முறை கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், இல்லாவிட்டால் மருந்து அடியிலேயே கிடக்கும். எல்லாப் பரிசோதனைக்கும் சேர்த்து ஒரே சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாயில் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்றால், சர்க்கரைக்குத் தனிக் குழாய் எங்கே என்று கேளுங்கள். ரிப்போர்ட்டில் ‘சாம்பிள் எடுத்த நேரம்’ என்று இருப்பதையும் நம்ப வேண்டாம். பல இடங்களில் அது பில் போட்ட நேரம். எத்தனை மணிக்கு இயந்திரத்தில் ஓடியது என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார்கள், கேட்கத்தான் வேண்டும்.

குளுக்கோமீட்டர் 113-ஐ ஒதுக்கிவிடுங்கள். உண்மையான அளவு 100-க்கு மேல் இருக்கும்போது அதைவிட 15 சதவீதம் கூடவோ குறையவோ காட்டினாலும் அந்தக் கருவி சர்வதேசத் தரவிதியில் தேறிவிடும். அது ஏற்கனவே நோய் உள்ளவர் வீட்டில் பார்த்துக்கொள்வதற்கு. நோய் இருக்கிறதா என்று முடிவு கட்டுவதற்கு அல்ல. அதுவும் மாம்பழம் உரித்த விரலைக் கழுவாமல் குத்தினால் மாம்பழத்தின் சர்க்கரையைத்தான் படிக்கும்.

பொடிக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஒரு மாதத்தில் இறங்கும்’ என்று அவர் சொல்வது பொய்யில்லை. இறங்கும். பொடியால் அல்ல. ஆடிக்கொண்டே இருக்கும் ஓர் அளவில், உச்சத்தில் வந்த நாளைப் பார்த்துத்தான் மனிதர்கள் பயப்படுகிறார்கள். பயந்தவர்கள்தான் அவரிடம் வருகிறார்கள். மறுபடி எடுத்தால் பெரும்பாலும் சராசரிக்கே திரும்பும். 94 வந்தவர் யாரும் பொடி வாங்கப் போவதில்லையே. 108-ல் வந்து 99-ல் போனவர் ஊரெல்லாம் சொல்வார். ஏறியவரிடம் ‘பத்தியம் சரியாக இருக்கவில்லை’ என்பார்கள். இலவச முகாம் போட்டு விரலில் குத்திப் பார்த்துவிட்டு, அதே மேசையில் பாக்கெட் விற்பவர்களின் வியாபாரம் முழுக்க இந்த ஆட்டத்தின் மேல்தான் ஓடுகிறது. ‘முழு உடல் பரிசோதனை’ பேக்கேஜ்காரர்களும் இதற்குச் சளைத்தவர்கள் இல்லை. ஒரே தடவையில் எழுபது எண்பது பரிசோதனை செய்தால் பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு ‘H’ விழத்தான் செய்யும், அடுத்த பேக்கேஜுக்கு அதுவே விளம்பரம். பொடியில் வேறொரு ஆபத்தும் உண்டு: சில பாக்கெட்டுகளில் சொல்லாமல் ஆங்கில மருத்துவச் சர்க்கரை மாத்திரையைக் கலந்துவிடுகிறார்கள். நோயில்லாத உங்களுக்கு அது சர்க்கரையைக் கீழே தள்ளி மயக்கம் போட வைக்கலாம். வாங்காதீர்கள்.

செய்ய வேண்டியது இதுதான். நீங்களே நேரில் போகக்கூடிய, ரத்தத்தை அங்கேயே ஓட்டும் ஒரே லேபைத் தேர்ந்தெடுங்கள். மூன்று வாரத்தில் மூன்று காலை, வாரத்துக்கு ஒன்று, ஏழிலிருந்து எட்டரை மணிக்குள் கொடுங்கள். முந்தின இரவு எட்டரை, ஒன்பதுக்குள் வழக்கமான சாப்பாடு. பரிசோதனைக்காகச் சோற்றைக் குறைத்து லேபை ஏமாற்ற வேண்டாம், ஏமாறுவது நீங்கள்தான். தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரை போடாத காபிகூட வேண்டாம். வாக்கிங் முடித்து வேர்வையோடு போகாமல், போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் கை நீட்டுங்கள். காய்ச்சல், சளி இருந்தால் தள்ளிப்போடுங்கள். காய்ச்சலுக்கு எங்காவது ஊசி போட்டிருந்தால் அதில் ஸ்டீராய்டு இருந்ததா என்று கேட்டு, இருந்திருந்தால் இரண்டு வாரமாவது பொறுங்கள்.

மூன்றையும் கூட்டி மூன்றால் வகுங்கள். மூன்றின் சராசரி தனி அளவைப்போல் ஆடாது. 100-ஐ ஒட்டிய சராசரியில் ஆட்டம் ஆறிலிருந்து மூன்றரை அளவுக்குச் சுருங்கிவிடும். சராசரி 100-க்குக் கீழே என்றால் வருடம் ஒரு முறை, அதே லேபில், அதே மாதத்தில். 100-க்கும் 125-க்கும் நடுவில் என்றால் இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி-யும், 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கும் பரிசோதனையும் செய்து மருத்துவரைப் பாருங்கள். ரத்தசோகை இருந்தால் ஹெச்பிஏ1சி தவறாகக் காட்டக்கூடும், அதையும் சொல்லுங்கள். இரண்டு நாள் 126 அல்லது அதற்கு மேல் வந்தால் அது சர்க்கரை நோய், அதில் சராசரி பார்க்கத் தேவையில்லை. அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், எடை குறைவு இருந்து எந்த நேரத்திலாவது 200-ஐத் தொட்டாலும் அப்படியே. போக்கு என்று நான் ஒத்துக்கொள்வது, ஒரே லேபில் வருடா வருடம் 88, 95, 102, 109 என்று ஒரே திசையில் நகர்வதைத்தான்.

இனி தங்கை. இவ்வளவு நேரம் ‘ஒரு தடவை பார்த்து முடிவு செய்யாதே’ என்று சொன்னது எதுவும் அவருக்குப் பொருந்தாது. கர்ப்பத்தில் வெறும் வயிற்று அளவு பொதுவாகவே இறங்கியிருக்கும், அதனால் கோடும் கீழே இருக்கிறது: 92. ஆறு மாதத்தில் ஒரே ஒரு தடவை 92-ஐத் தொட்டாலே, இப்போது புழக்கத்தில் உள்ள சர்வதேச வரையறைப்படி அது கர்ப்பகாலச் சர்க்கரை. உங்களுக்கு 95 நார்மல், அவருக்கு 95 நார்மல் இல்லை. லேப் கணினி கர்ப்பிணி என்று தெரியாமல் 99 வரை நார்மல் என்று அச்சடித்திருக்கும், ‘H’ விழுந்திருக்காது. அவருடைய அளவும் ஆடத்தான் செய்யும். ஆனால் மூன்று வாரம் மூன்று தடவை என்று காத்திருக்க அங்கே நாள் இல்லை, குழந்தை வளர்ந்துகொண்டிருக்கிறது. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்ப்பார்கள். 140 தொட்டால் சிகிச்சை. அந்தப் பரிசோதனை அவருக்கு நடந்ததா, எந்த மாதத்தில் நடந்தது என்று கேளுங்கள். மூன்றாம் மாதத்தில் செய்து நார்மல் வந்திருந்தாலும் ஆறாம் மாதத்தில் திரும்பச் செய்ய வேண்டும், அட்டையில் ஏற்கனவே டிக் அடித்திருக்கிறது என்று யாராவது அனுப்பிவிட்டாலும் விடாதீர்கள். பெரும்பாலும் சாப்பாட்டை மாற்றினாலே போதும், சிலருக்கு இன்சுலின் தேவைப்படும். பிரசவமாகி 6 முதல் 12 வாரத்துக்குள் அவருக்கு மறுபடி 75 கிராம் பரிசோதனை செய்ய வேண்டும். குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே அதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.