ஒரு மாதம் வீட்டைப் பூட்டிப் போகும்போது

"ஒரு மாதம் மகள் வீட்டுக்குப் போகிறோம். மெயினை அணைத்தால் போதுமா? ஃப்ரிட்ஜ், தண்ணீர், நகைக்கு என்ன செய்வது?"

மெயின் மட்டும் போதாது சார். இன்வெர்ட்டர் இருந்தால், மெயினை அணைத்ததும் அது கரண்ட் போனதாக நினைத்து பேட்டரியிலிருந்து வீட்டுக்குக் கொடுக்க ஆரம்பித்துவிடும். ஒருமுறை நாங்கள் இப்படி மெயினை மட்டும் அணைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தபோது எங்கள் பேட்டரி செத்தே கிடந்தது. முழு சார்ஜ் ஏறியதும் முதலில் இன்வெர்ட்டரை அணையுங்கள், அப்புறம் மெயின்.

ஃப்ரிட்ஜை முந்தின நாளே காலி செய்து அணைத்துவிடுங்கள். மாவு, தேங்காய்ச் சில்லு எதுவும் மிஞ்ச வேண்டாம். ஐஸ் உருகியதும் துடைத்து, கதவு மூடாதபடி ஒரு துண்டை மடித்துச் செருகுங்கள். மூடியே வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும்.

மேல்தொட்டி வால்வை மூடி, சமையலறைக் குழாயைத் திறந்து பாருங்கள். கொஞ்ச நேரத்தில் நிற்காவிட்டால் வால்வு சரியாக மூடவில்லை. குளியலறைத் தரைச் சல்லடைக்குள் ஒரு குவளைத் தண்ணீரும் மேலே இரண்டு ஸ்பூன் தேங்காய் எண்ணெயும் ஊற்றுங்கள். அங்கே நிற்கும் தண்ணீர் காய்ந்தால் நாற்றமும் கரப்பானும் மேலே வரும். எண்ணெய் அதைச் சீக்கிரம் காயவிடாது.

நகையும் பத்திரமும் வங்கி லாக்கருக்கு. கடைசி நாள் வரை தள்ளாதீர்கள், அன்று வங்கி விடுமுறையாக இருக்கலாம். கேஸ் ரெகுலேட்டர், பால், பேப்பர் மூன்றையும் நிறுத்திவிடுங்கள்.