ஓணப் பெட்டிக்கு என்ன பெயர் வைக்கலாம்?

கேள்வி: மார்த்தாண்டத்துக்கு அருகில் நானும் என் கணவரும் பலகாரக் கடை நடத்துகிறோம். சென்ற ஓணத்துக்கு நேந்திரங்காய் சிப்ஸ், சர்க்கரை வரட்டி, முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு, அரிசி அடை, வெல்லம், இரண்டு மண் அகல் ஆகியவற்றை ஒரே பெட்டியில் வைத்து, ‘பொன்னோணம் ராயல் ஹாம்பர்’ என்று பெயரிட்டு 899 ரூபாய்க்கு விற்றோம். கேட்டவர்கள் எல்லாரும் “உள்ளே என்ன இருக்கிறது?” என்றே கேட்டார்கள். சென்னையிலிருந்து வாங்கிய ஒருவர் முந்திரிக்கொத்தில் முந்திரியே இல்லை என்று சண்டைக்கு வந்தார். இந்த ஆண்டு பார்த்தவுடன் புரிகிற பெயராக வைக்க வேண்டும். எப்படி வைப்பது?
– வாசகி, கன்னியாகுமரி மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் வைத்த பெயரில் மூன்று சொற்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுகூடப் பெட்டிக்குள் இருக்கும் பொருளைக் குறிக்கவில்லை. ‘பொன்னோணம்’ காலத்தைச் சொல்கிறது, ‘ராயல்’ உங்கள் பெருமிதத்தைச் சொல்கிறது, ‘ஹாம்பர்’ அது ஒரு தொகுப்பு என்பதை மட்டும் சொல்கிறது. இனிப்பா, காரமா, சமைக்க வேண்டிய பொருளா, இல்லை துணிமணியா என்பதுகூட வாங்குபவருக்குத் தெரியாதபோது, அவர் கேட்ட கேள்வியில் வியப்பதற்கு ஒன்றும் இல்லை. அந்தக் கேள்விக்கு நீங்கள் ஒவ்வொரு முறையும் வாயால் சொன்ன விடையைத்தான் பெட்டியின் மேல் எழுத வேண்டும்.

அதற்காக ஏழு பொருள்களின் பெயரையும் ஒரே வரியில் அடுக்கினால் அதுவும் பயன் தராது. அலமாரியில் இருக்கும் பெட்டியைக் கை நீட்டும் தூரத்தில் நின்று பார்ப்பவர் ஒரு நொடியில் நான்கைந்து சொற்களுக்கு மேல் படிப்பதில்லை. கைப்பேசியில் பார்ப்பவருக்கோ நீண்ட பெயரின் வால் பெரும்பாலும் திரையிலேயே வெட்டுப்பட்டுவிடும். ஆகவே பெயரை இரண்டு வரியாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பெரிய எழுத்தில் வரும் முதல் வரி, உள்ளே எந்த வகையான பொருள் எத்தனை இருக்கிறது என்பதைச் சொல்லட்டும்; அதன் கீழே சற்றுச் சிறிய எழுத்தில் வரும் இரண்டாம் வரி ஒவ்வொரு பொருளையும் அதன் அளவோடு சொல்லட்டும்.

உங்கள் பெட்டியையே எடுத்துக்கொள்வோம். ஏழு பொருள்களும் மூன்று குழுவாகத் தாமே பிரிந்து நிற்கின்றன. சிப்ஸ், சர்க்கரை வரட்டி, முந்திரிக்கொத்து, அச்சுமுறுக்கு ஆகிய நான்கும் பிரித்தவுடன் தின்னக்கூடிய பலகாரங்கள். அடையும் வெல்லமும் பிரதமன் என்னும் பாயசம் வைப்பதற்கு உரியவை. அகல் தின்பண்டமே அல்ல. இதை அப்படியே எழுதினால் ‘4 பலகாரமும் அடைப் பிரதமனும்’ என்று வரும். கேட்க நன்றாக இருந்தாலும் இதில் ஒரு பிழை இருக்கிறது: காய்ச்சிய பிரதமனே டப்பாவில் அடைத்து வருகிறது என்று வாங்குபவர் நினைத்துவிடக்கூடும். ‘4 பலகாரமும் அடைப் பிரதமன் சாமானும்’ என்று ஒரு சொல்லைச் சேர்த்தால் அந்த ஐயம் தீர்ந்துவிடும். தேங்காய்ப்பால் பெட்டியில் இல்லை என்பதால், ‘தேங்காய்ப்பால் மட்டும் நீங்கள் சேர்க்க வேண்டும்’ என்பதை இரண்டாம் வரியின் முடிவில் சொல்லிவிடுங்கள். திருவோணத்தன்று காலையில் அடுப்படியில் நின்றுகொண்டு அதைக் கண்டுபிடிப்பவரின் கோபத்தை உங்களால் ஆற்ற முடியாது.

அகலை முதல் வரியில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு. ‘7 பொருள்’ என்று எழுதும் ஆசை எல்லாக் கடைக்காரருக்கும் வரும். எனக்கு ஒருமுறை ‘பத்து வகைப் பலகாரப் பெட்டி’ என்ற பெயரில் ஒரு பரிசு வந்தது. வாழ்த்து அட்டையும் காகிதக் கைக்குட்டையும்கூட அந்தப் பத்தில் அடக்கம். உள்ளே இருந்த பலகாரம் நன்றாகவே இருந்தது. ஆனாலும் வீட்டில் எல்லாரும் எண்ணிப் பார்த்தது குறைந்த இரண்டைத்தான். எண்ணைச் சொன்னால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சொல் எதுவோ, அது மட்டுமே கணக்கில் வர வேண்டும்.

இனி இரண்டாம் வரிக்கு வருகிறேன். எல்லைப்புறத்தில் கடை வைத்திருப்பவர் மிகுந்த கவனத்தோடு எழுத வேண்டியது இதைத்தான். களியக்காவிளையைத் தாண்டினால் எழுத்து மட்டும் மாறுவதில்லை, ஒரே சொல்லின் பொருளும் மாறிவிடுகிறது. உங்கள் பெட்டியில் அப்படிப்பட்ட சொற்கள் நான்கு இருக்கின்றன.

முதலாவது முந்திரிக்கொத்து. மலையாளத்தில் முந்திரி என்பது திராட்சையைக் குறிக்கும். திராட்சைக் குலை போல உருண்டைகள் ஒட்டிக்கொண்டு வருவதால் இந்தப் பலகாரத்துக்கு அந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். உங்கள் ஊரில் அது பாசிப்பயறும் வெல்லமும் சேர்ந்த பலகாரம் என்பது குழந்தைக்கும் தெரியும். சென்னையில் இருப்பவருக்கோ முந்திரி என்றால் முந்திரிப்பருப்பு மட்டும்தான். அவர் ஏமாற்றப்பட்டதாக நினைத்ததில் தவறில்லை; முந்திரிப்பருப்பு ஒத்துக்கொள்ளாத இன்னொருவர் அந்தப் பெயரைப் பார்த்தே பெட்டியை எடுக்காமல் போயிருக்கவும் கூடும். பெயரை மாற்ற வேண்டாம், அது நம் மண்ணின் பெயர். ‘பாசிப்பயறு முந்திரிக்கொத்து’ என்று முன்னால் ஒரு சொல் சேர்த்தால் போதும்.

இரண்டாவது சர்க்கரை வரட்டி. மலையாளத்தில் சர்க்கரை என்றால் வெல்லம். நம் தென்மாவட்டங்களிலும் வெள்ளையாக இருப்பதைச் சீனி என்றே சொல்லிவருகிறோம். வடக்கே போகப்போகச் சர்க்கரை என்பது சீனியையே குறிப்பதால், சீனிப்பாகில் தோய்த்த ஏதோ ஒன்று என்று அங்குள்ளவர் எண்ணுவார். ‘சர்க்கரை வரட்டி (வெல்லம் பூசிய நேந்திரங்காய்)’ என்று எழுதுங்கள். மூன்றாவது அடை. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் அடை என்பது பருப்பும் அரிசியும் அரைத்துத் தோசைக்கல்லில் ஊற்றுவது. ஆகவே ‘பாயச அரிசி அடை’ என்று முழுமையாகச் சொல்ல வேண்டும். நான்காவதான அச்சுமுறுக்கை அடுத்த கரையில் அச்சப்பம் என்கிறார்கள். முறுக்கு என்ற சொல்லைப் பார்த்துக் காரமாக இருக்கும் என்று எண்ணுவோரும் உண்டு என்பதால் ‘இனிப்பு அச்சுமுறுக்கு’ என்பது பாதுகாப்பானது.

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வாடிக்கையாளர்களுக்காகப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மலையாள எழுத்திலும் அச்சிடுவீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே தமிழ்ப் பெயரை எழுத்துக்கு எழுத்து மாற்றாமல் அச்சப்பம், சர்க்கரை வரட்டி என்று அவர்கள் சொல்லும் பெயரையே போடுங்கள். ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: ‘ஓணக் கிட்’ என்ற பெயர். கேரள அரசு ஓணத்துக்கு ரேஷன் கடைகள் வழியாக வழங்கும் மளிகைப் பைக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அதைக் கேட்டவுடன் அவர்களுக்குப் பருப்பும் தேயிலையும்தான் நினைவுக்கு வரும்.

அளவைப் பற்றிச் சட்டத்துக்கும் ஒரு சொல் இருக்கிறது. வெவ்வேறு பொருள்களை ஒரே பெட்டியில் வைத்து விற்கும்போது ஒவ்வொன்றின் பெயரும், எண்ணிக்கை அல்லது அளவும் பெட்டியின் மேல் இருக்க வேண்டும் என்று 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்களுக்கான எடையளவு விதிகள் கூறுகின்றன. எப்படியும் எழுதத்தான் வேண்டும் என்றால், அதை அடிப்பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்துவைப்பதைவிடப் பெயரின் பகுதியாகவே முன்பக்கத்துக்குக் கொண்டுவருவது நல்லது. எல்லாவற்றையும் கூட்டி ஒன்றரைக் கிலோ என்று மட்டும் எழுதாதீர்கள். வெல்லத்தின் எடையும் சிப்ஸின் எடையும் வாங்குபவர் மனத்தில் ஒன்றல்ல.

சிப்ஸ் 250 கிராம், சர்க்கரை வரட்டியும் அடையும் 200 கிராம் வீதம், வெல்லம் 300 கிராம், முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் பத்துப் பத்து என்று வைத்துக்கொண்டால், மூடியின் மேல் இப்படி வரும்:

4 பலகாரமும் அடைப் பிரதமன் சாமானும்

நேந்திரங்காய் சிப்ஸ் 250 கிராம், சர்க்கரை வரட்டி (வெல்லம் பூசிய நேந்திரங்காய்) 200 கிராம், பாசிப்பயறு முந்திரிக்கொத்து 10, இனிப்பு அச்சுமுறுக்கு 10, பாயச அரிசி அடை 200 கிராம், வெல்லம் 300 கிராம், மண் அகல் 2. தேங்காய்ப்பால் மட்டும் நீங்கள் சேர்க்க வேண்டும்.

வரிசையும் தற்செயலானது அல்ல. எல்லாரும் அறிந்து தேடுகிற சிப்ஸ் முதலில் நிற்கிறது. பலகாரங்கள் முடிந்த பிறகே சமையல் சாமான் வருகிறது. தின்னாத பொருள் கடைசியில் இருக்கிறது. முதல் வரியைப் படித்தவர் இரண்டாம் வரியில் அதே ஒழுங்கைக் காண்பதால், தேடாமலே நான்கையும் எண்ணிவிடுவார்.

‘பொன்னோணம்’ என்ற சொல் உங்களுக்குப் பிடித்திருந்தால் அதை விட வேண்டியதில்லை. அட்டையில் அச்சிடாமல் பெட்டியைச் சுற்றும் காகிதப் பட்டையில் அச்சிடுங்கள். ஓணம் முடிந்த மறுநாள் ஓணப் பெயர் தாங்கிய பெட்டியை யாரும் முழு விலைக்கு வாங்குவதில்லை. பட்டையை மட்டும் மாற்றினால் மிஞ்சிய அட்டைப் பெட்டிகள் தீபாவளிக்கு உதவும். அப்போது பிரதமன் சாமானுக்குப் பதிலாக வேறொன்று வைப்பதானால் முதல் வரியின் மேல் புதிய ஒட்டுத்தாளை ஒட்டிவிடலாம். சிறிய பெட்டியும் போடுவதாக இருந்தால் அதற்கு ‘மினி’ என்றும் இதற்கு ‘ராயல்’ என்றும் பெயரிடாமல், ‘2 பலகாரப் பெட்டி’ என்று எண்ணாலேயே வேறுபடுத்துங்கள்.

கடைசி நேரத்தில் அச்சுமுறுக்குத் தீர்ந்து, அதன் இடத்தில் தட்டையை வைக்க நேரலாம். பெயரிலேயே பொருளைச் சொல்லிவிட்ட பிறகு அதைச் சத்தமில்லாமல் செய்ய முடியாது; அந்த வரியின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டி, பணம் வாங்குவதற்கு முன் வாயாலும் சொல்லிவிடுங்கள். இந்தத் தொல்லைக்கு அஞ்சித்தான் பலர் ‘மற்றும் பல’ என்று எழுதித் தப்பித்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லைப் பார்த்தவுடன் வாங்குபவர் மறுபடியும் உங்களிடம் “உள்ளே என்ன?” என்று கேட்பார்.

அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். படம் எதுவும் இல்லாமல் இந்த இரண்டு வரிகளை மட்டும் தாளில் எழுதி, உங்கள் தெருவில் ஒருவரிடமும், எல்லைக்கு அப்பால் ஒருவரிடமும், இந்தப் பலகாரங்களைத் தின்று பழகாத வடமாவட்ட உறவினர் ஒருவரிடமும் காட்டுங்கள். அப்பால் உள்ளவருக்கு மலையாள வரிகளைக் காட்டுங்கள். ஐந்து நொடி கழித்துத் தாளைத் திருப்பிவைத்துவிட்டு, உள்ளே என்ன இருக்கும் என்று கேளுங்கள். பலகாரம், பாயசத்துக்கான பொருள் என்ற இரண்டையும் மூவரும் சொன்னால் முதல் வரி சரியாக இருக்கிறது. பிறகு தாளை மீண்டும் கொடுத்து, ஒவ்வொரு பெயரையும் படித்து அது எப்படி இருக்கும் என்று விளக்கச் சொல்லுங்கள். அவர்கள் எந்தப் பெயரில் தயங்குகிறார்களோ, அதற்குத்தான் இன்னும் ஒரு சொல் தேவைப்படுகிறது.