ஃப்யூச்சர்ஸ் விலை ஜோசியம் அல்ல: தங்கம், கமாடிட்டி கேள்வி-பதில்

ஃப்யூச்சர்ஸ் என்பது பின்னொரு மாதத்தில் கொடுக்கல் வாங்கல் என்று இன்றே விலை பேசி வைக்கும் காண்ட்ராக்ட்; அதை லாட் என்ற குறிப்பிட்ட அளவுகளில்தான் வாங்கி விற்க முடியும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதியில் எந்த காண்ட்ராக்ட், எந்த மாதம், எத்தனை லாட் என்ற விவரமே இல்லை. ‘கோல்டு வாங்கியிருக்கிறேன், வைத்துக்கொள்ளலாமா?’ என்று மட்டும் எழுதினால் நான் என்ன பதில் சொல்ல? அவற்றை ஒதுக்கிவிட்டேன். மற்றவை இதோ.

தினமும் காலையில் பவுன் விலையை நகைக்கடைக்காரர்கள்தானே பேசி வைத்து முடிவு செய்கிறார்கள்? (மதுரை வாசகி)

அறிவிப்பது வியாபாரிகள் சங்கம். விலை உருவாகும் இடம் வேறு. லண்டனில் கட்டித் தங்கம் கைமாறும் சந்தையும் நியூயார்க்கின் காமெக்ஸ் ஃப்யூச்சர்ஸ் சந்தையும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டே நாள் முழுக்க நகர்கின்றன. லண்டன் நேரப்படி காலை 10.30-க்கும் பிற்பகல் 3 மணிக்கும் ஏலம் நடந்து, உலகம் பின்பற்றும் விலை ஒன்று வெளியாகிறது.

அங்கிருந்து நம் ஊர் விலைக்கு வருவது வெறும் பெருக்கல் கணக்கு. அவுன்ஸ் 3,000 டாலர், டாலர் 85 ரூபாய் என்று வையுங்கள். பெருக்கினால் 2,55,000. ஒரு அவுன்ஸ் 31.1 கிராம் என்பதால் கிராம் 8,200 ரூபாய். இறக்குமதி வரி 6 சதவீதம் என்று வைத்துச் சேர்த்தால் 8,700-க்கு வரும். இது 24 கேரட். 22 கேரட்டுக்கு 0.916-ஆல் பெருக்கினால் 7,960, பவுன் 63,700. அன்றைய தேவையைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். செய்கூலி, சேதாரம், ஜிஎஸ்டி எல்லாம் இதற்கு மேல். நகைக்கடைக்காரரிடம் பேரம் பேச வேண்டியது அந்தச் செய்கூலியிலும் சேதாரத்திலும்தான், பவுன் விலையில் அல்ல.

எம்சிஎக்ஸ் கமாடிட்டி சந்தையில் கோல்டு ஃப்யூச்சர்ஸ் வாங்கி, டெலிவரி எடுத்து, மகள் கல்யாணத்துக்கு நகை செய்யலாமா?

வருவது 995 தரத்தில் ஒரு கிலோ கட்டி, அதுவும் சந்தையின் கிடங்கில். கல்யாணத்துக்குக் கடைக்கே போங்கள்.

ஆகஸ்ட் காண்ட்ராக்டை விட அக்டோபர் விலை 1,100 ரூபாய் அதிகமாக இருக்கிறது. தங்கம் ஏறும் என்று பெரிய ஆட்கள் கணித்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? இரண்டு லாட் வாங்கட்டுமா? (ஈரோடு)

வேண்டாம். இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. அடுத்த மாத விலை கூடுதலாகத் தெரிந்தால் ‘சந்தை ஏற்றத்தை எதிர்பார்க்கிறது’ என்று டிவியில் யாராவது சொல்லிவிடுகிறார்கள், நீங்களும் நம்பிவிடுகிறீர்கள். அந்த 1,100 ரூபாய் ஜோசியம் அல்ல, வட்டி.

கணக்கைப் பாருங்கள். பத்து கிராம் ஒரு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 7 சதவீத வட்டியில் ஒரு லட்சத்துக்கு இரண்டு மாத வட்டி 1,170 ரூபாய் போல வரும். நீங்கள் சொன்ன வித்தியாசம் கிட்டத்தட்ட அதேதான். இன்று பணம் கொடுத்துத் தங்கம் வாங்கிப் பூட்டி வைத்தால் அந்த வட்டி உங்களுக்குப் போய்விடும், கிடங்கு வாடகையும் காப்பீடும் கொஞ்சம் ஆகும். இரண்டு மாதம் கழித்துப் பணம் கொடுக்கிறேன் என்பவர் அந்தச் செலவை விலையில் சேர்த்துத் தரத்தான் வேண்டும்.

யாராவது ஆசைப்பட்டு இரண்டு மாத ஃப்யூச்சர்ஸை 1,03,000-க்கு ஏற்றிவிட்டால் என்ன ஆகும்? கட்டித் தங்கம் வாங்கி விற்கும் ஒரு புல்லியன் வியாபாரி ஒரு கோடி கடன் வாங்கி ஒரு கிலோ கட்டி வாங்குவார். அதே நிமிடம் ஒரு லாட்டை 1.03 கோடிக்கு விற்பார். காண்ட்ராக்ட் முடியும் எக்ஸ்பயரி நாளில் கட்டியைக் கொடுத்துவிட்டுப் பணத்தை வாங்குவார். வட்டியும் வாடகையும் 1.2 லட்சம் போனாலும் 1.8 லட்சம் மிச்சம். (வரிச் சிக்கல்களை இப்போதைக்கு விடுங்கள்.) தங்கம் ஏறுமா இறங்குமா என்று அவர் யோசிக்கவே இல்லை. இப்படி நாலு பேர் விற்றால் 1,03,000 தானாகக் கீழே வந்துவிடும். ஃப்யூச்சர்ஸ் இன்றைய விலையை விடக் குறைந்தாலோ, கட்டி வைத்திருப்பவர் அதை விற்று, பணத்தை வட்டிக்கு விட்டு, ஃப்யூச்சர்ஸ் வாங்கிக்கொள்வார். விலை அங்கிருந்து மேலே வரும்.

ஆக, வித்தியாசம் வட்டிக்கணக்குக்குள் இருந்தால் அதில் ஒரு செய்தியும் இல்லை. கணக்கை மீறிப் போனால்தான் கவனிக்க வேண்டும். அப்போதும் ‘ஏறப்போகிறது’ என்று முடிவு கட்டாமல் ‘கட்டி எங்கே மாட்டிக்கொண்டது?’ என்று கேளுங்கள். 2020 மார்ச் 24 அன்று லண்டன் விலைக்கும் நியூயார்க் ஃப்யூச்சர்ஸுக்கும் சாதாரணமாக ஓரிரு டாலராக இருக்கும் வித்தியாசம் 70 டாலரைத் தாண்டியது. காரணம், கொரோனாவால் சுவிட்சர்லாந்தின் சுத்திகரிப்பு ஆலைகள் மூடிக்கிடந்தன, விமானங்களும் நின்றுவிட்டன. லண்டனில் இருப்பவை 400 அவுன்ஸ் கட்டிகள். நியூயார்க் காண்ட்ராக்டுக்கு 100 அவுன்ஸ் கட்டியோ கிலோ கட்டியோ வேண்டும். உருக்கி மாற்ற ஆலை இல்லை, ஏற்றிவர விமானம் இல்லை. ஃப்யூச்சர்ஸை விற்றிருந்தவர்கள் பதறிப்போய்த் திரும்ப வாங்கினார்கள். தங்கம் உலகில் தீர்ந்துபோகவில்லை, வேறு ஊரில் வேறு அளவில் இருந்தது, அவ்வளவுதான்.

அப்புறம் உங்கள் இரண்டு லாட். லாட்டைப் பெருக்கிப் பாருங்கள் என்று எத்தனை தடவை எழுதுவது? ஒரு லாட் ஒரு கிலோ. விலை பத்து கிராமுக்குச் சொல்லப்படுவதால் திரையில் ஒரு ரூபாய் நகர்ந்தால் லாட்டுக்கு நூறு ரூபாய். ஆயிரம் ரூபாய் இறங்கினால் இரண்டு லாட்டுக்கு இரண்டு லட்சம், அன்றே கட்ட வேண்டும். நீண்ட காலம் வைத்திருக்கப் போகிறேன் என்றாலும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முடியும் காண்ட்ராக்டை விற்று அடுத்ததை வாங்கி ரோல் ஓவர் செய்யும்போது அந்த 1,100-ஐ நீங்கள்தான் கொடுக்கிறீர்கள். ஆண்டு முழுவதும் தங்கம் அசையாமல் நின்றால்கூட உங்களுக்கு ஆறேழு சதவீதம் நஷ்டம்.

2020-இல் கச்சா எண்ணெய் மைனஸுக்குப் போனதே, தங்கமும் அப்படிப் போகுமா?

போகாது. அந்த ஏப்ரல் 20-இல் நியூயார்க்கின் மே மாத காண்ட்ராக்ட் மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. டெலிவரி கொடுக்கும் இடம் ஓக்லஹோமாவின் குஷிங். அங்கே காலியாக இருந்த டாங்குகளை முன்பே பேசி எடுத்துவிட்டார்கள். எண்ணெயைப் பெற்றுக்கொள்ள இடமில்லாதவர்கள் ‘பணமும் தருகிறேன், எடுத்துக்கொண்டு போ’ என்ற நிலைக்கு வந்தார்கள். ஒரு கிலோ தங்கக் கட்டி கைப்பேசியைவிடச் சிறியது. அதை வைக்க இடமில்லை என்று யாரும் தவிக்கப் போவதில்லை.

நம் ஊரில் நடந்தது இன்னும் மோசம். ஊரடங்கால் எம்சிஎக்ஸ் அன்று மாலை 5 மணிக்கே மூடியது, கடைசி விலை 965 ரூபாய் அளவில். நியூயார்க் சரிந்தது அதற்குப் பிறகு, நம் இரவில். கணக்கை முடித்த விலை மைனஸ் 2,884. 965-க்கு ஒரு லாட் வாங்கி வைத்தவருக்கு பேரலுக்கு 3,849 ரூபாய் நஷ்டம். லாட்டைப் பெருக்கிப் பாருங்கள்: 100 பேரல், 3.85 லட்சம். எக்ஸ்பயரி நாள் வரை உட்கார்ந்திருக்காதீர்கள் என்று நான் சொல்வது இதற்குத்தான்.

பணவீக்கத்துக்கு எதிரான பாதுகாப்பு, அதாவது ஹெட்ஜ், தங்கம்தான் என்கிறார்கள். மூன்று வருடத்தில் பையன் படிப்புக்குப் பணம் வேண்டும், முழுவதையும் தங்கத்தில் போடலாமா? (தஞ்சாவூர்)

மூன்று வருடத்துக்கு அந்த வாக்கியத்தை நம்ப வேண்டாம். 1980 ஜனவரியில் லண்டனில் 850 டாலர் தொட்ட தங்கம் 1999-இல் 250 டாலர் பக்கம் கிடந்தது. அந்த இடைவெளியில் அமெரிக்காவில் விலைவாசி இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது.

தங்கம் வட்டி தராது. அதனால் வட்டியிலிருந்து பணவீக்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது எவ்வளவு என்பதைத்தான் பார்க்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில் அமெரிக்க மத்திய வங்கி வட்டியை 20 சதவீதம் வரை கொண்டுபோனது. பத்திரத்திலேயே பணவீக்கத்தை மிஞ்சிய வருமானம் வந்தபோது தங்கத்தை யார் சீண்டுவார்கள்? 2022-க்குப் பிறகு இந்த விதியும் தளர்ந்துவிட்டது. ரஷ்யாவின் டாலர், யூரோ கையிருப்பு முடக்கப்பட்டதைப் பார்த்த மத்திய வங்கிகள் 2022 முதல் 2024 வரை ஆண்டுக்கு ஆயிரம் டன்னுக்கு மேல் வாங்கின. வட்டி ஏறியும் தங்கம் விழவில்லை.

நெருக்கடி வந்தால் தங்கம் உடனே காக்கும் என்பதும் பாதி உண்மைதான். 2008 மார்ச்சில் 1,000 டாலர், அக்டோபரில் 700 சொச்சம். மற்ற இடத்தில் விலை விழுந்ததால் கூடுதல் பிணைப்பணம் கட்டச் சொல்லும் மார்ஜின் காலுக்குப் பணம் திரட்ட, விற்கக்கூடியதை விற்றார்கள். மேலே போனது பிறகுதான்.

நமக்கு உண்மையில் வேலை செய்யும் ஹெட்ஜ் ரூபாய்ச் சரிவுக்கு எதிரானது. 2013-இல் டாலரில் தங்கம் கால் பங்குக்கு மேல் விழுந்தது. ரூபாயும் விழுந்து, இறக்குமதி வரியும் ஏறியதால் இங்கே நஷ்டம் அதைவிட மிகக் குறைவு. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: 2024 ஜூலை பட்ஜெட்டில் வரி 15-லிருந்து 6 சதவீதமானதும், வெளிநாட்டில் பெரிய மாற்றமில்லாமலேயே இங்கே ஒரே நாளில் பத்து கிராமுக்கு நாலாயிரம் போல இறங்கியது. படிப்புப் பணத்தை டெபாசிட்டில் போடுங்கள், ஆசைக்குப் பத்தில் ஒரு பங்கு தங்கம் போதும்.

கோவையில் சின்ன நகைக்கடை. 550 கிராம் 22 கேரட் ஸ்டாக் இருக்கிறது. விலை விழுந்தால் என்ன செய்வது? கோல்டு மினி வாங்கலாமா?

வாங்குவதா! உங்களிடம் ஏற்கெனவே தங்கம் இருக்கிறது, விற்க வேண்டும். 550 கிராமில் சுத்தத் தங்கம் 500 கிராம் சொச்சம். மினி ஒரு லாட் 100 கிராம், எனவே ஐந்து லாட் விற்கலாம். பத்து கிராமுக்கு 5,000 ரூபாய் இறங்கினால் ஸ்டாக்கில் இரண்டரை லட்சம் போகும், ஃப்யூச்சர்ஸில் இரண்டரை லட்சம் வரும்.

பலர் தடுக்கி விழும் இடம் இதற்கு நேரெதிர் திசை. விலை ஏறினால் அந்த இரண்டரை லட்சத்தை ஃப்யூச்சர்ஸில் அன்றன்றே ரொக்கமாகக் கட்ட வேண்டும். ஸ்டாக்கின் லாபமோ ஷோகேஸில் தொங்கிக்கொண்டிருக்கும், நகை விற்கும் வரை கைக்கு வராது. பணம் புரட்ட முடியாமல் நடுவில் வெளியேறினால் ஹெட்ஜ் போய்விடும், நஷ்டம் மட்டும் நிற்கும். மார்ஜின் போக அதே அளவு ரொக்கம் தனியாக இல்லையென்றால் ஐந்துக்குப் பதில் இரண்டு லாட்டோடு நிறுத்துங்கள். நகை விற்க விற்க லாட்டையும் குறைக்க வேண்டும். வாடிக்கையாளரிடம் விலை பேசி அட்வான்ஸ் வாங்கிவிட்டு இன்னும் கட்டி வாங்கவில்லை என்றால், அப்போதுதான் நீங்கள் மினி வாங்க வேண்டியவர்.

வெள்ளியும் தங்கம் மாதிரியே ஹெட்ஜா?

வெள்ளியில் பாதிக்கு மேல் தொழிற்சாலைக்குப் போகிறது. தொழில் படுத்தால் வெள்ளியும் படுக்கும்.

ஒரு நண்பர் மார்ஜினே இல்லாமல், காகிதத்தில் குறித்துக்கொண்டு கோல்டு டிரேட் செய்து தருகிறார். சேரலாமா?

அதற்குப் பெயர் டப்பா டிரேடிங். சட்டவிரோதம். நீங்கள் ஜெயித்தால் பணம் தர வேண்டியவரும் அந்த நண்பர்தான்.